குழந்தைக்கு ஃபுளோரைடு பேஸ்ட்: எந்த வயதில் எவ்வளவு, விழுங்கினால் என்ன?

கேள்வி: பையனுக்கு ரெண்டு வயசு, 12 கிலோ இருக்கான். துப்பத் தெரியல, பேஸ்ட்டை முழுங்கிடறான். ஃபுளோரைடு இருக்கற பேஸ்ட் குடுக்கலாமா, குடுத்தா எவ்வளவு? பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவளுக்கும் அதே அளவா? நாங்க கிருஷ்ணகிரி பக்கம், போர் தண்ணிதான் குடிக்கிறோம்.

பதில்:

பையனுக்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டையே கொடுங்கள். காலையும் இரவும், ஒரு வேளைக்கு ஒரு சோற்றுப் பருக்கை அளவு போதும். பெண்ணுக்கு ஒரு வேளைக்கு ஒரு பட்டாணி அளவு. பருக்கை அளவு என்றால் அவன் அத்தனையையும் விழுங்கினாலும் கவலையில்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பேஸ்ட்டை விடப் பெரிய கேள்வி அந்தப் போர் தண்ணீர்தான். அதைக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வயதுவாரியாகச் சொன்னால், முதல் பல் முளைத்த நாளிலிருந்து மூன்று வயது முடியும்வரை பருக்கை அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. ஆறுக்கு மேல், ஒழுங்காகத் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை போகலாம். பட்டாணி அளவிலேயே நின்றாலும் குறையில்லை. ஐரோப்பியக் குழந்தைப் பல் மருத்துவர்கள் இரண்டு வயதிலேயே பட்டாணி அளவுக்கு மாறச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூன்று வயதில்தான். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருக்க வாய்ப்புள்ள உங்கள் பகுதியில் மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வயசு வரைக்கும் ஃபுளோரைடே கூடாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது முழுக்கக் கட்டுக்கதை அல்ல, பழைய அறிவுரை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014இல் அதை மாற்றி, முதல் பல்லிலிருந்தே மிகச் சிறிய அளவில் ஃபுளோரைடு பேஸ்ட் போடச் சொன்னது. பால் பற்களில் சொத்தை இரண்டு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதே காரணம்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு பல்லுக்கு நன்மை செய்வது பல்லின் மேல் பட்டு நிற்கும்போது. சாப்பாட்டுக்குப் பிறகு கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் எனாமலிலிருந்து கரைந்து போகும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படிவதற்கு அது துணை செய்கிறது. அதற்கு முக்கியம் பேஸ்ட்டின் செறிவு, அதாவது டியூபில் போட்டிருக்கும் பிபிஎம் எண். ஒரு கிராம் பேஸ்ட்டில் எத்தனை மைக்ரோகிராம் ஃபுளோரைடு என்பதே அந்த எண். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம். தீமை வருவது வேறு வழியில். விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லை அடைந்து, அதிகமானால் வெள்ளைக் கீற்றோ கறையோ உண்டாக்குகிறது. அங்கே கணக்காவது செறிவு அல்ல, மொத்தம் எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்பதுதான்.

இது புரிந்தால், பெற்றோர் வழக்கமாகச் செய்வது ஏன் தலைகீழ் என்பதும் புரியும். விழுங்குகிறான் என்று பயந்து ஃபுளோரைடே இல்லாத பழ வாசனை ஜெல்லையோ 500 பிபிஎம் பேஸ்ட்டையோ வாங்கி, பாதுகாப்பானதுதானே என்று பிரஷ் நிறையப் போடுகிறார்கள். ஃபுளோரைடு இல்லாத ஜெல் சொத்தையைத் தடுக்காது. 500 பிபிஎம் தடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தெளிவான பலன் 1000 பிபிஎம்மிலிருந்துதான் தெரிகிறது. விழுங்கும் கணக்கிலாவது லாபமா என்றால் அதுவும் இல்லை. 500 பிபிஎம் பேஸ்ட்டை ஒரு கிராம் போட்டால் அரை மில்லிகிராம் ஃபுளோரைடு. 1000 பிபிஎம் பேஸ்ட்டைப் பருக்கை அளவு போட்டால் 0.1 மில்லிகிராம். செறிவைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள்.

இந்தியச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது. அந்த எண்ணை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். கடையில் டியூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் அதைத் தேடுங்கள். 1000 அல்லது அதை ஒட்டிய எண் இருந்தால் அது பெரியவர்கள் பேஸ்ட்டாக இருந்தாலும் குழந்தைக்கு ஆகும். காரம் பிடிக்காது என்பது மட்டும்தான் சிக்கல். எண்ணே இல்லையென்றால் ஃபுளோரைடு இல்லாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வாங்கி வரும் டியூபில் 1450 என்று இருக்கலாம். அதைச் சின்னவனுக்குப் போட வேண்டாம்.

இப்போது அளவு. வழிகாட்டிகளில் "அரிசி அளவு" என்றுதான் இருக்கும். நான் சோற்றுப் பருக்கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சொல்லப்படும் எடை சுமார் 0.1 கிராம். நம் பொன்னி அரிசியின் வேகாத மணி அதைவிடச் சின்னது. வெந்து பூத்த பருக்கை அதற்கு நெருங்கி வரும். பிரஷ்ஷின் தூரிகை மேல் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். பார்த்தால் "இது எங்கே பத்தப் போகுது" என்று தோன்ற வேண்டும். பட்டாணி அளவு கால் கிராம். அது கடையில் விற்கும் காய்ந்த பட்டாணி. இரவு ஊறவைத்து உப்பியது அல்ல, கொண்டைக்கடலையும் அல்ல. ஒரு முறை காய்ந்த பட்டாணி ஒன்றைத் தட்டில் வைத்து, பக்கத்தில் பேஸ்ட்டைப் பிதுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கை இரண்டு பங்கு பிதுக்கியிருக்கும். டியூபின் வாய் அகலமாக இருந்தால் இன்னும் மோசம். விளம்பரப் படங்களில் பிரஷ்ஷின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுருண்டு கிடக்கும் பேஸ்ட் ஒரு கிராமோ அதற்கு மேலோ வரும். அது பருக்கை அளவைப் போல் பத்து மடங்கு.

கை சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி, டியூப் எத்தனை நாள் வருகிறது என்று பார்ப்பது. பருக்கை அளவில் தினம் இரண்டு வேளை என்றால் 0.2 கிராம், மாதத்துக்கு 6 கிராம். 40 கிராம் டியூப் ஆறு மாதத்துக்கு மேல் வர வேண்டும். பட்டாணி அளவில் மாதத்துக்கு 15 கிராம். அதே டியூப் இரண்டரை மாதம் தாண்டும். பையனுக்கென்று தனியாக வாங்கிய 40 கிராம் டியூப் ஒரே மாதத்தில் காலியானால், ஒரு வேளைக்கு 0.6 கிராமுக்கு மேல் போகிறது, அதாவது பருக்கையைப் போல் ஆறு மடங்கு. டியூபில் தொடங்கிய தேதியை பேனாவால் எழுதி வைத்தால் போதும், தராசு வேண்டாம்.

இனி உங்கள் பையனின் கணக்கு. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உள்ளே போகும் ஃபுளோரைடுக்கு மேல் வரம்பு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். சாப்பாடு, தண்ணீர், பேஸ்ட் எல்லாம் இதில் அடக்கம். 12 கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். பருக்கை அளவு இரண்டு வேளை, துளி மிச்சமில்லாமல் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான், வரம்பில் ஆறில் ஒரு பங்கு. பட்டாணி அளவை முழுதாக விழுங்கினால் 0.5. பிரஷ் நிறையப் போட்டு இரண்டு வேளையும் விழுங்கினால் 2 மில்லிகிராம். பேஸ்ட் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டு வயதுப் பிள்ளை வாயில் வைத்ததில் பெரும்பகுதியை விழுங்கத்தான் செய்யும், துப்புவது அந்த வயதில் கைவராது. அதனால் இந்தக் கணக்கை எப்போதும் "முழுதும் விழுங்கினான்" என்றே போட வேண்டும்.

இதோடு தண்ணீரைச் சேருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துப் பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவதுதான் ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்ற பெயரோடுதான் கொண்டுவந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய அளவுகோல். உங்கள் போரில் 1.5 இருந்து, பையன் குடிப்பதும் கஞ்சி, பருப்பு, சோற்றில் சேர்வதுமாக நாளுக்கு ஒரு லிட்டர் உள்ளே போனால், பேஸ்ட்டுக்கு முன்பே 1.5 மில்லிகிராம் ஆகிவிட்டது. அப்போது 0.2ஐப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை. அதே தண்ணீரில் 0.4தான் என்றால் மொத்தம் 0.6, நிம்மதியாக இருக்கலாம்.

ஆகவே முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரி கொடுத்து, ஃபுளோரைடு அளவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் போரின் முடிவு உங்களுக்குப் பொருந்தாது, நூறு அடி தள்ளி வேறு அளவு வரலாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் சற்றுக் கூடவே செய்யும். மண்பானை, கேண்டில் ஃபில்டர் இவற்றாலும் போகாது. ஆர்.ஓ. குறைக்கும். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் தெருக்குழாயில் வந்தால், பிள்ளைகள் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் விடுங்கள். பையனுக்கு டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு கணிசமாக உண்டு.

தண்ணீரில் அளவு அதிகம் என்று வந்தாலும் பேஸ்ட்டை நிறுத்த வேண்டும் என்பதில்லை. இந்த மாவட்டங்களில் ஃபுளோரைடு கறை உள்ள பல்லிலும் சொத்தை விழுகிறது. ஒன்று இருந்தால் மற்றது வராது என்பதில்லை. தண்ணீரை மாற்றுங்கள், பருக்கை அளவைத் தாண்டாதீர்கள், அடுத்த முறை பல் மருத்துவரைப் பார்க்கும்போது ஆய்வகச் சீட்டைக் காட்டுங்கள்.

இரண்டு வயதில் ஏன் இத்தனை கவனம் என்றால், பையன் வாயில் இப்போது தெரியும் பால் பற்களுக்காக அல்ல. சிரித்தால் முதலில் தெரியும் மேல் வரிசை முன்பற்கள் இரண்டு, ஏழு வயதுவாக்கில் முளைக்கப் போகிறவை, இப்போது ஈறுக்குள் எனாமல் கட்டிக்கொண்டிருக்கின்றன. எனாமல் முதலில் புரதம் கலந்த மென்மையான பொருளாக உருவாகிறது. பிறகு புரதம் கழிந்து அந்த இடத்தைத் தாதுப்பு நிரப்புகிறது. ரத்தத்தில் ஃபுளோரைடு தொடர்ந்து அதிகமாக இருந்தால் புரதம் கழிவது தாமதமாகி, எனாமலுக்குள் நுண்ணிய துளைகள் நின்றுவிடுகின்றன. ஒளி அதில் சிதறுவதால் பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கீற்றாகத் தெரியும். கடுமையானால் துளைகளில் பழுப்பு ஏறும். இந்த முன்பற்களுக்கு ஆபத்து உச்சமாக இருப்பது ஏறத்தாழ ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வயதுவரை. பேஸ்ட்டால் மட்டும் வருவது பெரும்பாலும் மெல்லிய வெள்ளைக் கீற்று. பழுப்பும் குழியும் தண்ணீரால் வருபவை. ஒரு நாள் கூடுதலாக விழுங்கியதால் இது வராது. மாதக்கணக்கில் தினமும் கூடினால்தான் வரும்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரியும். "ஃபுளோரைடு அதிகமாயிடுச்சு" என்று பேஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் சொத்தையின் முதல் படி. அப்போதுதான் ஃபுளோரைடு மிகவும் தேவை. இப்போது விழுங்கும் பேஸ்ட்டின் கறை, முளைத்துவிட்ட பால் பல்லில் வர முடியாது. ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஈறின் வளைவை ஒட்டி, பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு போல இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபுளோரைடு கீற்று ஈறை மட்டும் ஒட்டி நிற்காது. பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகப் பரவி, இடது வலது ஜோடிப் பற்களில் ஒரே மாதிரி இருக்கும்.

துலக்கும் முறையிலேயே விழுங்குவதைக் குறைக்கலாம். பேஸ்ட்டைப் பிதுக்குவது எப்போதும் பெரியவர்கள்தான். பிதுக்கியதை விரல் நுனியால் தூரிகைக்குள் அழுத்திவிடுங்கள். மேலே குவியலாக நின்றால் பிள்ளை முதல் வாயிலேயே நக்கிவிடும், பல்லில் எதுவும் படாது. பையனை மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்து, ஒரு கையால் உதட்டைத் தூக்கி, மேல் முன்பற்களில் ஈறு ஓரத்திலிருந்து தொடங்குங்கள். அவன் பொறுமை போகும் முன் முக்கியமான இடம் முடிந்துவிடும். பிறகு தலையை முன்பக்கம் குனிய வைத்தால் எச்சிலும் நுரையும் வெளியே வழியும். மெல்லிய ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுத்து "கொப்பளி" என்று சொல்ல வேண்டாம். அந்த வயதில் கொப்பளிப்பது என்றால் குடிப்பதுதான்.

நம் வீடுகளில் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் பல் விளக்குவதுதான் வழக்கம், இரவில் விளக்குவது குறைவு. சொத்தையைத் தடுப்பதில் இரவு வேளைதான் முக்கியம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் குறைவு. விழுங்கும் கணக்கிலும் இரவு வசதி: வெறும் வயிற்றில் ஃபுளோரைடு ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்படுகிறது, பாலோ தயிர்ச் சோறோ உள்ளே இருந்தால் கால்சியம் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடைசிப் பால் முடிந்த பிறகு விளக்குங்கள். விளக்கியபின் பால் புட்டியோடு தூங்க வைத்தால் செய்ததெல்லாம் வீண்.

ஐந்து வயதுப் பெண் 17 கிலோ என்று வைத்துக்கொண்டால் வரம்பு 1.7 மில்லிகிராம். இரண்டு பட்டாணியை முழுதாக விழுங்கினாலும் 0.5தான், அவள் பாதிக்கு மேல் துப்பியும் விடுவாள். துப்பத் தெரிகிறதா என்று முதலில் வெறும் தண்ணீரில் பாருங்கள்: ஒரு வாய் தண்ணீரை எடுத்து அப்படியே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லுங்கள், பெரும்பாலும் திரும்பி வருகிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்தால், பேஸ்ட் நுரையை இரண்டு மூன்று முறை துப்பினால் போதும். அதன்பின் சொம்பு சொம்பாகக் கொப்பளிக்க வேண்டாம், பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் அதோடு போய்விடும். அவளே துலக்கட்டும், ஆனால் முடிவில் ஒரு சுற்று நீங்கள் துலக்கிவிடுங்கள். இதை ஏழெட்டு வயது வரை செய்ய வேண்டும்.

கடைசியாக, பழ வாசனை டியூபைத் திறந்து பையன் நேராக உறிஞ்சிவிட்டால் என்ன செய்வது? கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எல்லை. 12 கிலோ பையனுக்கு அது 60 மில்லிகிராம், 1000 பிபிஎம் பேஸ்ட்டில் 60 கிராம். 40 கிராம் டியூப் முழுதையும் தின்றாலும் அந்த எல்லை வராது. 100 கிராம், 150 கிராம் குடும்ப டியூபில் வரும், அதனால் அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதற்குக் குறைவாகத் தின்றாலும் வயிறு வலிக்கும், குமட்டும். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து ஃபுளோரைடு இரைப்பைச் சுவரை எரிச்சலூட்டுவதே காரணம். டியூபில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, உள்ளே போனதை மதிப்பிடுங்கள். ஒரு டம்ளர் பாலோ தயிரோ உடனே கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எல்லையை நெருங்கினாலோ, எவ்வளவு போனது என்று மதிப்பிட முடியாவிட்டாலோ, வாந்தி நிற்காமலோ, பையன் சோர்ந்து போனாலோ, கை கால் இழுத்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழைத்து, டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் இருக்கும் பிபிஎம் எண்ணைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.